துள்ளாமல் உருளும் வளையம்

ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இரோடோவ் என்ற பெயர் தெரிந்திருக்கும். மாஸ்கோவில் இயற்பியல் கற்பித்த இரோடோவ் தொகுத்த கணக்குப் புத்தகம், சோவியத் நாடு போன பிறகும் இந்தியப் பயிற்சி வகுப்புகளை விட்டுப் போகவில்லை. அதில் பார்க்க மிக எளிதாகத் தெரியும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மெல்லிய வளையம். அதன் விளிம்பில் ஓரிடத்தில் வளையத்துக்குச் சமமான எடையுள்ள சிறு குண்டு ஒட்டியிருக்கிறது. வளையம் சறுக்காமல் சமதரையில் உருளுகிறது. குண்டு கீழே வரும் நொடியில் வளையத்தின் மையம் எந்த வேகம் வரை போனால் வளையம் தரையை விட்டுத் துள்ளாது?

விடை ஒரே வரி: √(8gR). இதில் R என்பது வளையத்தின் ஆரம், g என்பது புவியீர்ப்பு முடுக்கம். தேர்வு எழுதுகிறவருக்கு அவ்வளவு போதும். நிஜத்தில் ஒரு வளையத்தை எடுத்து உருட்டிப் பார்க்கிறவருக்கு அது போதாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கையில் பிடித்துப் பேசுவதற்காக ஓர் அளவை வைத்துக்கொள்வோம். கம்பிகள் கழற்றிய சைக்கிள் ரிம் ஒன்று, ஆரம் 30 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோ. அதன் உள்விளிம்பில் ஒரு கிலோ எடைக்கல்லை அசையாமல் கட்டியிருக்கிறோம்.

முதலில் துள்ளல் எங்கிருந்து வருகிறது? குண்டு உச்சியில் இருக்கும்போது அது வட்டப்பாதையில் திரும்பியாக வேண்டும். அதாவது, யாரோ அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூமி ஓரளவு இழுக்கிறது. வேகம் கூடினால் அந்த இழுப்பு போதாது, மிச்சத்தை ரிம் இழுக்கிறது. ரிம் குண்டைக் கீழே இழுத்தால் குண்டு ரிம்மை அதே அளவு மேலே இழுக்கும். அந்த மேல் இழுப்பு ரிம்மின் எடையையும் ஈடுகட்டிவிட்டால் தரைக்குத் தாங்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கணத்தில் வளையம் எழும்பும். கணக்காகச் சொன்னால், குண்டைத் திருப்பத் தேவையான விசை குண்டு, ரிம் இரண்டின் மொத்த எடையை, அதாவது நம் கணக்கில் இரண்டு கிலோவை, எட்டக் கூடாது. குண்டு உச்சியில் இருக்கும்போது மையத்தின் வேகம் விநாடிக்கு 2.42 மீட்டர் ஆனால் அந்த எல்லை வந்துவிடுகிறது.

ஆனால் கேள்வி குண்டு கீழே இருக்கும்போதுள்ள வேகத்தைக் கேட்கிறது. இரண்டும் ஒன்றல்ல. குண்டு மேலே ஏற ஏற வளையம் தளர்கிறது, இறங்கும்போது விரைகிறது. இப்படிப்பட்ட வளையம் உருளுவதைப் பார்த்தாலே தெரியும்: தயங்கித் தயங்கி, திடீரென்று பாய்ந்து, மறுபடி தயங்கும்.

அந்த ஏற்றஇறக்கத்தை ஆற்றல் கணக்குப் போட்டுப் பிடிக்கலாம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சறுக்காமல் உருளும் எந்தச் சக்கரத்திலும் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. உச்சிப் புள்ளியோ மையத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகும். ஆகவே குண்டு அடியில் இருக்கும்போது அதற்கு இயக்க ஆற்றலே கிடையாது, எல்லாம் ரிம்மிடம் இருக்கிறது. உச்சிக்குப் போனதும் நிலைமை தலைகீழ்.

எல்லை வேகத்தில் கீழே ரிம்மிடம் 23.5 ஜூல் ஆற்றல் இருக்கிறது. குண்டு உச்சிக்கு வந்ததும் அது எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். குண்டை 60 சென்டிமீட்டர் தூக்கிய செலவு கால் பங்கு. ரிம்முக்கு மிஞ்சியது கால் பங்கு. மீதிப் பாதி முழுவதும் குண்டின் ஓட்டத்துக்குப் போய்விட்டது. ரிம்மின் ஆற்றல் நாலில் ஒன்றானால் வேகம் பாதியாகும். உச்சியில் 2.42 என்றால் அடியில் 4.85 மீட்டர், அதாவது மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர். 4.85-ஐ இரண்டால் பெருக்கிப் பார்த்தால் 9.7 வருவதும், g-யின் மதிப்பு 9.8 ஆவதும் தற்செயல்தான், அதில் சூட்சுமம் எதுவும் தேட வேண்டாம். இரோடோவ் விடையில் R-க்கு 0.3 போட்டாலும் இதே 4.85தான் கிடைக்கும்.

இந்த வேகத்தில் தரை படும் பாட்டையும் சொல்லிவிட வேண்டும். குண்டு உச்சியில் இருக்கும்போது தரைமேல் அழுத்தம் பூஜ்யம். அரைச் சுற்றுக் கழித்து அடிக்கு வரும்போது பத்துக் கிலோ. வளையமும் குண்டும் சேர்ந்து இரண்டே கிலோ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ் எல்லை ஒன்றும் உண்டு, புத்தகம் அதைக் கேட்பதில்லை. வேகம் மிகக் குறைந்தால் குண்டு உச்சிக்கே ஏறாது. பாதி வழியில் நின்று, பின்வாங்கி, தொட்டில் ஆடுவதுபோல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். குண்டை 60 சென்டிமீட்டர் தூக்கத் தேவையான ஆற்றலாவது அடியில் இருந்தாக வேண்டும். அதற்கான வேகம் √(2gR), நம் ரிம்முக்கு விநாடிக்கு 2.42 மீட்டர். ஆக, எண்ணளவில் நமக்குக் கிடைத்த சந்து 2.42 முதல் 4.85 வரை. அதற்குக் கீழே போனால் ஆட்டம், மேலே போனால் துள்ளல்.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணித உலகமே பல காலம் அப்படித்தான் நினைத்தது. கேம்பிரிட்ஜ் கணிதமேதை லிட்டில்வுட், ராமானுஜனோடு பழகியவர், 1953-இல் வெளியிட்ட தொகுப்பு நூலில் இதன் இன்னும் தீவிரமான வடிவத்தைத் தந்தார். வளையத்துக்கு எடையே இல்லை, குண்டுக்கு மட்டும் எடை. குண்டு உச்சியில் இருக்கும்போது மெல்லத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? குண்டு இறங்கி மையத்தின் மட்டத்துக்கு வந்ததும் வளையம் தரையைவிட்டு எழும்பும் என்பது அவர் விடை. கணக்குப் போட்டால் அப்படியே வருகிறது. குண்டின் கோணம் எவ்வளவோ அதன் கோசைன் அளவுக்குத் தரையின் அழுத்தம் குறைந்துகொண்டே போய், 90 பாகையில் பூஜ்யம் ஆகிறது.

1997-இல் டாடாஷி டோகியேடா இந்தத் துள்ளும் வளையத்தை அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் மறுபடி எடுத்து எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து அதே இதழில் பட்லர் என்பவர், துள்ளும் வளையங்கள் துள்ளுவதில்லை என்று தலைப்பிலேயே அடித்துச் சொன்னார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சறுக்காமல் உருளுகிறது என்று வைத்துக்கொண்டுதானே எல்லாக் கணக்கும் போட்டீர்கள்? தரையின் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது உராய்வு எங்கிருந்து வரும்? உராய்வு இல்லாவிட்டால் சறுக்காமல் எப்படி உருளும்?

நம் ரிம்மிலேயே இதைச் சோதிக்கலாம். எல்லை வேகத்தில், குண்டு அடியில் இருக்கும்போது, ஒரு கிலோ ரிம் 4.85 வேகத்தில் முன்னால் போகிறது, குண்டு நிற்கிறது. குண்டு உச்சியில் இருக்கும்போது ரிம் 2.42 வேகத்தில் போகிறது, குண்டு 4.85 வேகத்தில் போகிறது. இரண்டையும் கூட்டினால் முன்னோக்கிய உந்தம் ஒன்றரை மடங்காகியிருக்கிறது. இந்தக் கூடுதல் உந்தத்தைக் கொடுத்தது யார்? காற்று கொடுக்கவில்லை, புவியீர்ப்பு பக்கவாட்டில் தள்ளாது. தரை மட்டும்தான் தள்ள முடியும், அதுவும் உராய்வு வழியாக. குண்டு மேலேறும் நேரமெல்லாம் தரை வளையத்தை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போது அதே கணக்கில் பின்னால் இழுக்க வேண்டும்.

எவ்வளவு தள்ள வேண்டும்? குண்டு ஏறிக்கொண்டே மையத்தின் மட்டத்துக்கு வந்த கணத்தை எடுத்துக்கொள்வோம். தரைமேல் அழுத்தம் அப்போது 875 கிராம் எடைக்குச் சமம். தரை தர வேண்டிய தள்ளு ஒன்றேகால் கிலோ எடைக்குச் சமம். அழுத்துவதைவிட அதிகமாகத் தள்ள வேண்டும் என்றால் உராய்வு எண் 1.4-க்கு மேல் இருக்க வேண்டும். காய்ந்த சிமெண்ட் தரையில் நல்ல ரப்பரே ஒன்றைத் தொட்டால் பெரிது. அதோடு விடவில்லை. குண்டு இன்னும் ஏறி உச்சிக்கு 60 பாகை தள்ளி நிற்கும்போது தேவை நாலு மடங்கைத் தாண்டுகிறது. உச்சியை நெருங்க நெருங்க அதற்கு எல்லையே இல்லை.

எனவே √(8gR) வேகத்தில் வளையத்தை விட்டால், துள்ளுவதற்கு வெகு முன்பே, குண்டு பாதி உயரத்தில் இருக்கும்போதே, அது சறுக்கிவிடும். சறுக்காமல் துள்ளும் எல்லை வரை போவது என்பது பசை தடவிய தரையில்தான் நடக்கும்.

வேகத்தைக் குறைத்தால் உராய்வுத் தேவை மளமளவென்று இறங்குகிறது. அடியில் வேகம் 4.2 மீட்டர் என்றால் உராய்வு எண் ஏறக்குறைய 0.7 போதும். 3.83 என்றால் 0.4-ஐ ஒட்டி வருகிறது, 3.43 என்றால் கால்தான். 2.97-இல் இன்னும் சுவாரசியம்: அடியிலும் உச்சியிலும் மொத்த உந்தம் சமமாக இருக்கிறது, தரைக்கு வேலையே மிகக் குறைவு, 0.14 உராய்வு இருந்தாலே ஒப்பேறிவிடும். வெறும் இரும்பு ரிம்மைச் சாதாரண சிமெண்ட் தரையில் உருட்டினால் உராய்வு எண் சுமார் 0.4 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒழுங்காக உருளும் எல்லை 4.85 அல்ல, 3.8. குத்துமதிப்பாக எட்டின் இடத்தில் ஐந்து: √(5gR).

சறுக்கினால் என்ன, துள்ளாமல் இருந்தால் சரிதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். சறுக்குகிற வளையம் இன்னும் சீக்கிரம் துள்ளும்.

காரணம் இதுதான். குண்டு ஏறும்போது தரை அடியில் கொடுக்கும் முன்தள்ளு வளையத்தின் சுழற்சிக்கு எதிரானது, அதைத் தணிக்கிறது. தரை வழுக்கினால் அந்தத் தணிப்பு குறைகிறது. குண்டு உச்சிக்கு வரும்போது வளையம் கணக்கில் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழலும், குண்டின் மேல் இழுப்பும் கூடும். உராய்வே இல்லாத தரை என்று கற்பனை செய்து கணக்கை மறுபடி போட்டால், துள்ளலின் எல்லை √(14gR/3) என்று வருகிறது. நம் ரிம்முக்கு விநாடிக்கு 3.7 மீட்டர். முழுப் பிடிப்புள்ள தரையில் 4.85, பிடிப்பே இல்லாத தரையில் 3.7. உங்கள் தரையும் என் தரையும் இவற்றுக்கு நடுவில் எங்கேயோ இருக்கின்றன. எண்ணெய் சிந்திய தரையில் சக்கரம் அமைதியாக வழுக்கிப் போகும் என்றுதான் நம் மனம் சொல்லும். பக்கச்சுமை உள்ள சக்கரத்துக்கு அது பொருந்தாது.

பட்லர் சொன்னதும் இதுவும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. சறுக்காமல் உருண்டுகொண்டிருக்கும் நிலையிலிருந்து நேரே துள்ளலுக்குப் போக முடியாது, நடுவில் ஒரு சறுக்கல் வந்தே தீரும் என்பதுதான் நம் ரிம்மின் விஷயத்தில் செய்தி. சறுக்கிய பிறகு, வேகம் போதுமான அளவு இருந்தால், தாராளமாக எழும்பும்.

குண்டின் எடையை மாற்றினால் கதை மாறும். ரிம்மின் எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள 100 கிராம் குண்டு என்றால், முழுப் பிடிப்புள்ள தரையில் எல்லை 6.3 மீட்டருக்கு உயர்கிறது, 0.77 மீட்டர் வேகம் இருந்தாலே குண்டு உச்சியைத் தாண்டிவிடும். சந்து வெகுவாக அகலமாகிறது. குண்டு ரிம்மைவிடக் கனமாக இருந்தால் எதிர்மாறு: சந்து சுருங்குவதோடு, தரையின் அழுத்தம் மிகக் குறைவது உச்சியில் அல்லாமல் அதற்குச் சற்று முன்னும் பின்னும் நிகழ்கிறது. உச்சியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர் ஏமாந்துபோவார். இரண்டும் சம எடை என்பது சரியாக நடுக்கோடு. இரோடோவ் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தாரோ, எளிமைக்காகப் போட்டாரோ, உச்சியை மட்டும் பார்த்தால் போதும் என்ற முறை செல்லுபடியாகும் கடைசி எல்லை அதுதான்.

இது வெறும் வளைய விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. நீராவி இரயில் எஞ்சினின் பெரிய சக்கரங்களில் பிறை வடிவில் ஓர் இரும்புக் கட்டி இருப்பதைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் ஓடும் தண்டுகளின் உதறலைச் சமன் செய்ய வைத்த எடை அது. கிடைமட்டத்தில் அது உதறலைத் தணித்தாலும் செங்குத்தாக ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடித்தது, மேலே போகும்போது சக்கரத்தைத் தூக்கியது. 1890-களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் காஸ் என்ற பேராசிரியர், ஓரிடத்தில் நிறுத்திய எஞ்சினின் சுழலும் சக்கரத்துக்கு அடியில் மெல்லிய இரும்புக் கம்பியை ஓட விட்டுப் பார்த்தார். சக்கரம் அழுத்திய இடமெல்லாம் கம்பி தட்டையாயிற்று. அதிக வேகத்தில் சில இடங்களில் கம்பி நசுங்காமல் உருண்டையாகவே வெளியே வந்தது. அந்த இடங்களில் சக்கரம் மேலே எழும்பியிருந்தது. கண்ணால் பார்க்க முடியாத துள்ளலுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எஞ்சின் சக்கரம் சீரான வேகத்தில் சுழலும், அதன்மேல் பல டன் சுமையும் உண்டு என்பதால் மேலே போட்ட சூத்திரம் அப்படியே அதற்குப் பொருந்தாது. எடை உச்சிக்குப் போகும்போது தரையின் பளு இறங்குவது இரண்டிலும் ஒன்றுதான்.

நீங்களே பார்க்க விரும்பினால் ஒரு பழைய ரிம், ஓர் எடைக்கல், மெதுவாக ஓட்டிப் பார்க்கக்கூடிய கைபேசி வீடியோ போதும். விநாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தால் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு மேல் படங்கள் கிடைக்கும். கல்லைக் கயிற்றால் கட்டாமல் இறுக்கமாகக் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். கழன்று பறந்தால் அடி பலமாக இருக்கும். தரையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, கல் அடியில் வரும் நேரத்தை நடுவில் வைத்துப் பத்துப் படங்களில் மையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் வேகம் தெரிந்துவிடும். பதினாலரை சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு மூன்றரை மீட்டர்.

சறுக்கலைக் கண்டுபிடிக்க ரிம்மின் வெளிவிளிம்பில் ஓரிடத்தில் ஈரச் சுண்ணாம்பு தடவுங்கள். சறுக்காமல் உருண்டால் தரையில் புள்ளி புள்ளியாக 188 சென்டிமீட்டர் இடைவெளியில் தடம் விழும், ஏனென்றால் அதுதான் ரிம்மின் சுற்றளவு. இடைவெளி அதற்குக் குறைந்தாலோ புள்ளி இழுபட்டுக் கோடாகித் தெரிந்தாலோ சறுக்கியிருக்கிறது. துள்ளலைக் கேமராவைத் தரையோடு தரையாக வைத்துப் பார்க்க வேண்டும். கல் உச்சியில் இருக்கும்போது ரிம்முக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அது எழும்பிவிட்டது. சத்தத்தை நம்ப வேண்டாம். பத்துக் கிலோ அழுத்தத்தில் தரை எழுப்பும் தடதடப்பு துள்ளாதபோதும் கேட்கும்.

30 சென்டிமீட்டர் ரிம்மும் சம எடைக் கல்லும் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை: கல் அடியில் வரும்போது வேகம் விநாடிக்கு மூன்றிலிருந்து மூன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். சாதாரண சிமெண்ட் தரை எதிலும் அந்த வேகத்தில் அது சறுக்காது, துள்ளாது, ஒவ்வொரு சுற்றிலும் உச்சியையும் தாண்டும். வேறு அளவு ரிம் என்றால் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப எல்லா வேகங்களையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆரம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு.